சதவீத மாற்றம்: எந்த எண்ணால் வகுப்பது? (சுற்றுச்சூழல் தேர்வின் தரவு வினாக்கள்)

குவைத்_தந்தை | ஜனவரி 4

என் மகன் ஐஜிசிஎஸ்இ சுற்றுச்சூழல் மேலாண்மைத் தேர்வுக்குப் படிக்கிறான். பயிற்சித் தேர்வு ஒன்றில் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கப்படும் கார்பன் டையாக்சைடு அளவுகளை அட்டவணையாகக் கொடுத்திருந்தார்கள். ஆண்டுச் சராசரி 1960இல் 317 பிபிஎம், 2020இல் 414 பிபிஎம். இந்தக் காலத்தில் ஏற்பட்ட சதவீத அதிகரிப்பைக் கணக்கிட்டு, விடையை ஒரு தசம இடத்துக்குத் தர வேண்டும். அவன் வித்தியாசம் 97 என்று சரியாகவே கண்டுபிடித்து, அதை 414ஆல் வகுத்து 23.4% என்று எழுதியிருக்கிறான். விடை தவறு என்று அடித்துவிட்டார்கள். சதவீதம் என்றால் மொத்தத்தில் இத்தனை பங்கு என்றுதானே பொருள், இரண்டில் பெரிய எண்தானே மொத்தம் என்று அவன் கேட்கிறான். எனக்கும் அந்த வாதத்தில் பிழை தெரியவில்லை.

கரிசல்காடு | ஜனவரி 4

97 ÷ 317 × 100 = 30.6. விடை 30.6%.

பெரிய எண், சிறிய எண் என்பது இங்கே பொருட்டே இல்லை. மாற்றம் எந்த அளவிலிருந்து தொடங்கியதோ அந்த அளவால்தான் வகுக்க வேண்டும். 1960இல் 317 இருந்தது, அதன் மேல் 97 சேர்ந்தது. ஆகவே அந்த 97, 317இல் எத்தனை சதவீதம் என்பதுதான் கேள்வி. 414 என்பது அந்த 97ஐயும் தனக்குள் வைத்திருக்கும் எண். அதனால் வகுத்தால் அதிகரிப்பை, அதிகரிப்பு சேர்ந்த பிறகு கிடைத்த தொகையோடு ஒப்பிட்டதாகிவிடும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. கிடைத்த சதவீதத்தைத் தொடக்க எண்ணில் ஏற்றிப் பார்க்க வேண்டும். 317இன் 30.6% என்பது 97.0. இரண்டையும் கூட்டினால் 414 வந்துவிடுகிறது. மகனின் 23.4 சதவீதத்தை 317இல் ஏற்றினால் 74.2தான் கிடைக்கும், கூட்டினால் 391.2. கணிப்பானில் சில நொடி வேலை. தேர்வு அறையில் இதைச் செய்பவர்கள் இந்தப் பிழையோடு வெளியே வருவதில்லை.

கணக்கர்_பாலா | ஜனவரி 4

இரண்டு விடைகளுமே தவறு என்று நினைக்கிறேன். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 317 பிபிஎம் என்பது காற்றில் 0.0317%, 414 பிபிஎம் என்பது 0.0414%. இரண்டையும் கழித்தால் 0.0097%. காற்றில் கார்பன் டையாக்சைடு உண்மையில் அதிகரித்தது அவ்வளவுதான். 30% அதிகரித்தது என்று எழுதினால், காற்றில் மூன்றில் ஒரு பங்கு கார்பன் டையாக்சைடு ஆகிவிட்டதைப்போல ஒலிக்கிறது.

கரிசல்காடு | ஜனவரி 5

பாலா சொன்ன அலகு மாற்றம் முழுவதும் சரி. கழித்ததும் சரி. ஆனால் கழித்து வந்த 0.0097க்குப் பெயர் சதவீத மாற்றம் அல்ல, சதவீதப் புள்ளி மாற்றம். காற்றில் கார்பன் டையாக்சைடின் பங்கு 0.0097 சதவீதப் புள்ளி கூடியிருக்கிறது. அதே 0.0097ஐத் தொடக்கத்திலிருந்த 0.0317ஆல் வகுத்து நூறால் பெருக்கிப் பாருங்கள், மறுபடியும் 30.6 வரும். இரு அளவுகளும் ஒரே அலகில் இருக்கும் வரை, எந்த அலகில் வைத்துக் கணக்கிட்டாலும் சதவீத மாற்றம் ஒன்றுதான், ஏனென்றால் வகுக்கும்போது அலகு அடிபட்டுப் போகிறது. அதனால்தான் விடையில் பிபிஎம் வராமல் % மட்டும் வருகிறது. “30.6 பிபிஎம்” என்று எழுதிய விடைத்தாள்களும் என்னிடம் வருகின்றன. கணக்கு சரியாக இருந்தும் விடை தவறாகிவிடுகிறது.

நிலக்கரியை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். பிரிட்டனின் மின் உற்பத்தியில் நிலக்கரியின் பங்கு 2012இல் ஏறத்தாழ 40%, 2020இல் ஏறத்தாழ 2%. பங்கு 38 சதவீதப் புள்ளி குறைந்தது என்று சொல்லலாம். 38 ÷ 40 என்று வகுத்து, பங்கு 95% குறைந்தது என்றும் சொல்லலாம். “நிலக்கரியின் பங்கு 38% குறைந்தது” என்று எழுதினால் மட்டும் தவறு. அட்டவணையில் இருக்கும் எண்களே சதவீதமாக இருந்தால், வினா எதைக் கேட்கிறது என்று மறுபடியும் ஒருமுறை படிக்க வேண்டும்.

குவைத்_தந்தை | ஜனவரி 5

அப்படியானால் 23.4 என்ற எண்ணுக்குப் பொருளே கிடையாதா? அவன் கணிப்பானில் தவறாக எதையும் தட்டவில்லையே.

கரிசல்காடு | ஜனவரி 5

பொருள் உண்டு. “1960இல் இருந்த அளவு 2020இல் இருந்ததைவிட எத்தனை சதவீதம் குறைவு?” என்று கேட்டிருந்தால் 23.4% முழுச் சரியான விடை. அங்கே ஒப்பிடுவது 2020ஐ வைத்து, ஆகவே 414தான் கீழே வரும். மகன் கேட்கப்படாத ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியிருக்கிறான். “-இலிருந்து”, “-ஐவிட” என்ற சொற்கள் எந்த ஆண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றனவோ அந்த ஆண்டின் எண்ணைக் கீழே போடச் சொல்லுங்கள். ஆங்கில வினாத்தாளிலும் அந்த வேலையைச் செய்ய ஒரு சின்னச் சொல் இருக்கும், அதை அடிக்கோடிடுவது நல்ல பழக்கம்.

வழிமுறையை எழுதினானா, இல்லை விடையை மட்டும் எழுதினானா? இந்த வகை வினாக்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மதிப்பெண் இருக்கும், ஒன்று வழிமுறைக்கு, மற்றொன்று விடைக்கு. முந்தைய பகுதியில் வித்தியாசத்தைத் தவறாகக் கண்டு, அந்தத் தவறான எண்ணை வைத்து அடுத்த பகுதியில் சரியான முறையில் கணக்கிட்டால், அடுத்த பகுதிக்கான மதிப்பெண்ணைத் தருவதும் வழக்கம். ஆனால் படிகளை எழுதியிருந்தால்தான் திருத்துபவருக்கு அது தெரியும்.

குவைத்_தந்தை | ஜனவரி 5

விடை மட்டும்தான்.

மலர்_10ஆம்_வகுப்பு | ஜனவரி 7

எங்களுக்கும் இதே மௌனா லோவா தரவுதான் வந்தது, ஆனால் அட்டவணையாக இல்லை, வரைபடமாக. 1960இல் கோடு கீழிருந்து ஒரு சிறிய கட்டம் உயரத்தில் இருந்தது, 2020இல் பத்துக் கட்டத்துக்கும் மேலே போயிருந்தது. அதனால் பத்து மடங்குக்கு மேல் கூடியது என்று விளக்கத்தில் எழுதினேன். தோழி 30% என்று எழுதினாள். வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் 30% என்று தோன்றாது.

கரிசல்காடு | ஜனவரி 7

நிலை அச்சு எந்த எண்ணில் தொடங்கியது?

மலர்_10ஆம்_வகுப்பு | ஜனவரி 7

310இல்.

கரிசல்காடு | ஜனவரி 7

அதுதான் காரணம். சுழியத்தில் தொடங்கியிருந்தால் 317இன் உயரமும் 414இன் உயரமும் உங்கள் கண்ணுக்கு மூன்றுக்கு நான்கு என்பதற்கு அருகில் தெரிந்திருக்கும். 310இல் தொடங்கியதால் ஒன்றின் உயரம் 7, மற்றதன் உயரம் 104. கண் அந்த உயரங்களைத்தான் ஒப்பிடுகிறது. இப்படி வரைவதில் குற்றமில்லை, மாற்றத்தின் வடிவத்தைக் காட்ட இதுதான் வசதி. ஆனால் மடங்கையோ சதவீதத்தையோ சொல்லும் முன், அச்சில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். கோட்டின் உயரத்தை வைத்துக் கணக்கிடக்கூடாது.

அந்த வரைபடம் வழவழப்பான கோடாக இருந்ததா, ரம்பத்தின் பல்லைப்போல ஏறி இறங்கியதா?

மலர்_10ஆம்_வகுப்பு | ஜனவரி 8

இரண்டும் இருந்தன. ஏறி இறங்கும் கோடு சிவப்பு, நடுவே செல்லும் கோடு கறுப்பு. நான் சிவப்பிலிருந்து படித்தேன்.

கரிசல்காடு | ஜனவரி 8

சிவப்புக் கோடு மாதச் சராசரி. வட அரைக்கோளத்தில் தாவரங்கள் வளரும் காலத்தில் கார்பன் டையாக்சைடை உள்ளிழுத்துக்கொள்வதால் கோடு இறங்கும், மற்றக் காலத்தில் ஏறும். மௌனா லோவாவில் உச்சம் மே மாதத்தில், தாழ்வு செப்டம்பரை ஒட்டி, இடைவெளி ஏறத்தாழ 6 பிபிஎம். தொடக்க ஆண்டில் பல்லின் அடியையும் இறுதி ஆண்டில் பல்லின் நுனியையும் படித்தால், பருவத்தின் ஏற்றத்தை நீண்டகால ஏற்றத்தோடு சேர்த்துக் கணக்கிட்டதாகிவிடும். 97 பிபிஎம் மாற்றத்தில் இந்த ஆறு பெரிதாகத் தெரியாது. ஆனால் 1960 முதல் 1970 வரை மட்டும் கேட்டால், அந்தப் பத்தாண்டில் மொத்த ஏற்றமே சுமார் 9 பிபிஎம்தான். அங்கே பல்லின் நுனியா அடியா என்பது விடையையே புரட்டிப்போடும். ஆண்டுகளை ஒப்பிடும் கேள்விக்குக் கறுப்புக் கோட்டிலிருந்து படியுங்கள்.

சேலம்_வாசகி | ஜனவரி 9

நான் போட்டித் தேர்வுக்குப் படிப்பவள். எங்களுக்குக் கொள்குறி வினாக்கள்தான், வழிமுறைக்கு மதிப்பெண் கிடையாது. விலை 50% ஏறிப் பின்பு 50% இறங்கினால் பழைய விலைக்கே வந்துவிடுமா என்ற கேள்வியில் நான் எப்போதும் சறுக்குகிறேன். அதற்கு ஏதேனும் குறுக்குவழி உண்டா?

கரிசல்காடு | ஜனவரி 9

இழையின் கேள்வி அதுவல்ல, ஆனாலும் காரணம் ஒன்றுதான். 100 ரூபாய் 150 ஆகிறது. இறங்கும்போது 50% என்பது 150இல் பாதி, ஆகவே 75 ரூபாயில் வந்து நிற்கும். ஏறும்போது கீழே வைத்த எண் 100, இறங்கும்போது கீழே வைத்த எண் 150. குறுக்குவழி எதுவும் வேண்டாம், கீழே எந்த எண் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டால் போதும்.

தாமரைக்குளம் | ஜனவரி 10

ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஓர் ஐயம். நீங்கள் எல்லாரும் 30.6 என்கிறீர்கள். வெளியிடப்பட்ட ஆண்டுச் சராசரிகளை எடுத்தால் 1960க்கு 316.91, 2020க்கு 414.21. அவற்றை வைத்துக் கணக்கிட்டால் 97.30 ÷ 316.91, அதாவது 30.7%. ஒரு தசம இடத்துக்கு விடை கேட்டுவிட்டு, அந்தத் தசமமே கொடுத்த எண்களைப் பொறுத்து மாறுமானால், தேர்வில் எதைச் சரி என்று கொள்வது?

கரிசல்காடு | ஜனவரி 10

தேர்வில் வினாத்தாளில் அச்சிட்ட எண்களே சரி. அட்டவணை 317, 414 என்று சொன்னால் விடை 30.6. அட்டவணைக்கு வெளியே நமக்குத் தெரிந்த துல்லியமான எண்ணைக் கொண்டுவந்து 30.7 என்று எழுதினால், வினாவில் தந்த தரவைப் பயன்படுத்தவில்லை என்றுதான் ஆகும்.

ஆனால் நீங்கள் தொட்ட இடம் முக்கியமானது. முழு எண்ணாகச் சுருக்கிய தரவிலிருந்து 30.599 என்று மூன்று தசமங்களை எழுதும் மாணவர்கள் அந்த இலக்கங்களுக்குப் பொருள் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். வரைபடத்திலிருந்து படித்தால் இன்னும் மோசம். கட்டம் 5 பிபிஎம் அகலமாக இருந்து, ஒருவர் 315, 415 என்று படித்தால் அவருக்கு 31.7% கிடைக்கும். அதையும் சரி என்று ஏற்கும்படி, வரைபட வினாக்களில் விடைக்கு ஓர் எல்லை விட்டிருப்பார்கள்.

இடையில் சுருக்குவது வேறு சிக்கல். 97 ÷ 317 என்று வகுத்தால் 0.30599 வரும். அதை 0.31 என்று எழுதிக்கொண்டு நூறால் பெருக்கினால் 31, 0.3 என்று எழுதிக்கொண்டால் 30. இரண்டையும் 30.6 என்று ஏற்க மாட்டார்கள். எண்ணைக் கணிப்பானிலேயே வைத்திருந்து, கடைசி வரியில் மட்டும் சுருக்க வேண்டும்.

தாமரைக்குளம் | ஜனவரி 10

கேள்வி தயாரிப்பவர் முழு எண்ணாகத் தந்துவிட்டு ஒரு தசமம் கேட்பதே சரியில்லை என்பது என் கருத்து. 31% என்று கேட்டிருந்தால் 30.6க்கும் 30.7க்கும் சண்டையே இருந்திருக்காது.

கரிசல்காடு | ஜனவரி 11

ஆய்வகத்துக்கு அது சரி. தேர்வில், சொன்னபடி சுருக்கத் தெரிகிறதா என்பதையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

மலர்_10ஆம்_வகுப்பு | ஜனவரி 12

கணக்குப் புரிந்துவிட்டது. ஆனால் “போக்கை விவரி, தரவைக் கொண்டு விடையை நிறுவு” என்ற வினாவுக்கு என்ன எழுதுவது? நான் எழுதியது இது: “கார்பன் டையாக்சைடு மிகவும் அதிகரித்துள்ளது. இது 414 ஆக உயர்ந்துள்ளது. இதற்குக் காரணம் வாகனங்களும் தொழிற்சாலைகளும்.” மூன்றுக்கு ஒன்று கிடைத்தது.

கரிசல்காடு | ஜனவரி 12

அந்த ஒன்று “அதிகரித்துள்ளது” என்பதற்கு. காரணம் கேட்கப்படவில்லை, விவரிக்கத்தான் சொன்னார்கள், ஆகவே மூன்றாவது வாக்கியம் வீண். இரண்டாவது வாக்கியத்தில் ஓர் எண் இருக்கிறது, ஆனால் அது எந்த ஆண்டுக்குரியது, எந்த அலகில், எதிலிருந்து உயர்ந்தது என்ற மூன்றுமே இல்லை. மேற்கோள் காட்டும் எண்ணுக்கு இந்த மூன்றும் வேண்டும். ஒரே ஓர் எண் நிலையைச் சொல்லுமே தவிரப் போக்கைச் சொல்லாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: “கார்பன் டையாக்சைடின் அளவு 1960இல் 317 பிபிஎம் ஆக இருந்து 2020இல் 414 பிபிஎம் ஆக உயர்ந்தது, அதாவது 97 பிபிஎம் அதிகரித்தது. அதிகரிப்பின் வேகமும் கூடியது: 1960 முதல் 1970 வரை 317இலிருந்து 326 பிபிஎம் ஆக 9 பிபிஎம் மட்டுமே கூடிய நிலையில், 2010 முதல் 2020 வரை 390இலிருந்து 414 பிபிஎம் ஆக 24 பிபிஎம் கூடியது.” முதல் வாக்கியத்தில் போக்கும் தரவும், இரண்டாவதில் போக்கின் மாற்றமும் அதற்கான தரவும் வந்துவிட்டன. அட்டவணையில் இருக்கும் ஏழு எண்களையும் வரிசையாக நகலெடுப்பவர்களும் உண்டு. அதற்கு மதிப்பெண் இல்லை, எந்த எண்களைத் தேர்ந்தெடுத்தோம் என்பதில்தான் இருக்கிறது.

கணக்கர்_பாலா | ஜனவரி 12

அந்த இரண்டு பத்தாண்டுகளையும் சதவீதத்தில் ஒப்பிட்டால் என்ன? முதலாவதில் 9 ÷ 317, அதாவது 2.8%. இரண்டாவதில் 24 ÷ 390, அதாவது 6.2%. இம்முறை கீழே தொடக்க எண்ணைத்தான் வைத்திருக்கிறேன்.

கரிசல்காடு | ஜனவரி 13

சரி. கவனித்தீர்களா, பிபிஎம் கணக்கில் இரண்டாவது பத்தாண்டு முதலாவதைப்போல 2.7 மடங்கு, சதவீதக் கணக்கில் 2.2 மடங்கு. இரண்டாவது பத்தாண்டு பெரிய எண்ணிலிருந்து தொடங்குவதால் அதன் சதவீதம் சற்று அடங்கித் தெரிகிறது. இரண்டும் சரிதான், ஆனால் ஒரே வாக்கியத்தில் ஒரு பத்தாண்டுக்குப் பிபிஎம்மையும் மற்றதற்குச் சதவீதத்தையும் எழுதினால் ஒப்பீடே நடக்காது.

சேலம்_வாசகி | ஜனவரி 14

மீன்பிடி பற்றிய வரைபடம் ஒன்றில் அச்சில் “ஆயிரம் டன்” என்று போட்டிருந்தது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் பிடிப்பு, 1968இன் உச்சம் 810. நான் “810 டன்” என்று எழுதினேன். தம்பி “8.1 மில்லியன் டன்” என்கிறான்.

கரிசல்காடு | ஜனவரி 14

இரண்டும் இல்லை. 810 ஆயிரம் டன், அதாவது 8,10,000 டன். நம் வழக்கில் 8.1 லட்சம், மில்லியனில் 0.81. தம்பி லட்சத்தின் 8.1ஐ அப்படியே மில்லியனுக்கு மாற்றிவிட்டான், நம்மவர்களிடம் இது அதிகம் நடக்கிறது. தேர்வில் மாற்றவே வேண்டாம், அச்சில் உள்ளபடி “810 ஆயிரம் டன்” என்று எழுதுவதே பாதுகாப்பு.

இந்த அச்சுக் குறிப்பை விட்டுவிட்டால் சதவீத மாற்றம் கெடாது, ஏனென்றால் மேலும் கீழும் ஒரே ஆயிரம்தான். எத்தனை டன் குறைந்தது என்று கேட்டால்தான் விடை ஆயிரம் மடங்கு பிழையாகும். சதவீதக் கணக்கு சரியாக வந்துவிட்டதே என்ற நம்பிக்கையில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

தாமரைக்குளம் | ஜனவரி 15

அதே காட் மீனுக்கு 1992இல் வணிக மீன்பிடியை நிறுத்தினார்கள். பிடிப்பு சுழியமாகிப் பின்பு மறுபடியும் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். சுழியத்திலிருந்து சதவீத அதிகரிப்பு எவ்வளவு?

கரிசல்காடு | ஜனவரி 15

சொல்ல முடியாது, சுழியத்தால் வகுக்க இயலாது. 810இலிருந்து சுழியத்துக்கு வந்தால் 100% குறைவு. அங்கிருந்து ஏறியதை டன்னில் மட்டுமே சொல்லலாம்.

குவைத்_தந்தை | ஜனவரி 16

குறைவைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். “சதவீதக் குறைவைக் கணக்கிடு” என்றால் 95% என்று எழுதுவதா, -95% என்று எழுதுவதா? மகனின் ஆசிரியர் கழித்தல் குறி வேண்டும் என்கிறார், தனிப்பயிற்சி ஆசிரியர் வேண்டாம் என்கிறார்.

கரிசல்காடு | ஜனவரி 16

“சதவீத மாற்றம்” என்று கேட்டால், கழித்தல் குறியோ “குறைவு” என்ற சொல்லோ கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஏறியதா இறங்கியதா என்று தெரியாது. “சதவீதக் குறைவு” என்று வினாவே சொல்லிவிட்டால் நான் குறி போடுவதில்லை, குறைவு -95% என்பது கண்டிப்பாகப் பார்த்தால் ஏற்றம் என்றாகிவிடும்.

கணக்கர்_பாலா | ஜனவரி 16

குறி போட்ட விடைக்கு முழு மதிப்பெண் தந்த விடைத்தாளை நான் பார்த்திருக்கிறேன்.

கரிசல்காடு | ஜனவரி 17

இருக்கலாம், தயவு காட்டும் திருத்துநர்கள் உண்டு. அதை நம்பி எழுதச் சொல்ல எனக்கு மனமில்லை. மகனை “95% குறைவு” என்று சொல்லோடு எழுதச் சொல்லுங்கள், இரண்டு ஆசிரியர்களும் அதை அடிக்க மாட்டார்கள்.